வெள்ளிக்கிழமைக் குளிசை

மட்டக்களப்பில் ஆஸ்பத்திரிக் கவுண்டரிலோ வெளிப் பாமசியிலோ குளிசை போட்டுத் தரும் சின்னக் கடதாசிப் பையைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அதில் காலை, பகல், இரவு என்று மூன்று இடம் இருக்கும். எத்தனை குளிசை என்று உரிய இடத்தில் எழுதிக் கொடுத்தால் மருந்தாளரின் வேலை முடிந்தது. பிறஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் கொலஸ்ட்ரோலுக்கும் அது தாராளமாகப் போதும். மெதோட்ரெக்சேற் என்ற மருந்துக்கு மட்டும் போதாது. ஏனென்றால் அது கிழமையில் ஒரே ஒரு நாள் போடும் குளிசை. நாளின் பெயரை எழுத அந்தப் பையில் இடமே ஒதுக்கப்படவில்லை.

கைவிரல் மூட்டுகள் வீங்கி, காலையில் எழும்பியதும் ஒரு மணித்தியாலம் வரை விரல் மடங்காமல் விறைத்து நிற்கும் முடக்குவாத நோயாளர்களுக்கு உலகெங்கும் முதலில் எழுதப்படும் மருந்து இதுதான். சொறாயசிஸ் என்ற தோல் நோய்க்கும் கொடுக்கிறார்கள். மலிவானது, பல பத்தாண்டுகளாகப் பழகிய மருந்து. ஒழுங்காக எடுத்தால் மூட்டு கோணலாகிப் போவதைத் தடுக்கும். அதே குளிசையை, அதே அளவில், தினமும் எடுத்தால் இரண்டு கிழமைக்குள் ஆளையே கொண்டுபோகலாம். இவ்வளவு வேறுபாடு ஏன் என்பதற்கு விடை உடலின் கலங்களுக்குள் இருக்கிறது.

கலம் ஒன்று இரண்டாகப் பிரியும் முன் தன் டி.என்.ஏ.யைப் பிரதி எடுக்க வேண்டும். அதற்கான மூலப்பொருளைச் செய்ய போலேற் என்ற விற்றமின் தேவை. கீரையிலும் பருப்பிலும் ஈரலிலும் உள்ள விற்றமின் அது. அதைக் கண்டுபிடித்த கதையில் நம் வீட்டு மேசைச் சாமான் ஒன்றும் வருகிறது. 1928இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர், துணி ஆலைகளில் வேலை செய்த கர்ப்பிணிப் பெண்களுக்கு வந்த ஒருவகை இரத்தச்சோகை மார்மைற் கொடுத்ததும் குணமாவதைக் கண்டார். மார்மைற்றில் இருந்த அந்தப் பெயர் தெரியாத பொருள்தான் பிறகு போலேற் என்று அடையாளம் காணப்பட்டது. பாணில் பூசித் தின்னும் அந்தக் கறுத்தப் பசைக்கு இப்படியொரு பூர்வீகம்.

அடுத்த கட்டம் அமெரிக்காவில் நடந்தது. நடத்தியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த, பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ். லெடர்லி ஆய்வுகூடத்தில் அவருடைய குழு 1945இல் போலிக் அசிட்டைச் செயற்கையாக உருவாக்கியது. பொஸ்டனில் சிட்னி பாபர் என்ற மருத்துவர், இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்குப் போலேற் வகைகளைக் கொடுத்தபோது நோய் வேகமெடுப்பதாகக் கண்டார். அப்படியானால் போலேற்றைத் தடுத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. போலிக் அசிட்டின் மூலக்கூறில் ஓர் ஒட்சிசன் இருக்கும் இடத்தில் நைதரசனைப் பொருத்தி, சுப்பாராவின் குழு அமினோப்டரின் என்ற போலிப் போலேற்றைச் செய்து கொடுத்தது. இன்னோரிடத்தில் ஒரு மெதில் தொகுதியையும் சேர்த்தால் மெதோட்ரெக்சேற். அமினோப்டரினைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்த பாபரின் அறிக்கை 1948 ஜூனில் வெளிவந்தது. இரண்டு மாதத்தில் சுப்பாராவ் காலமானார். இன்று ஒரே நோயாளியின் கையில் இரண்டு பைகளில் வந்து சேரும் மெதோட்ரெக்சேற்றும் போலிக் அசிட்டும் ஒரே ஆய்வுகூடத்தில் பிறந்தவை. சொல்லப்போனால், ஒன்று மற்றதன் மாறுவேடம்.

போலேற்றைக் கலம் பயன்படுத்த வேண்டுமென்றால் ஒரு நொதியம் அதை வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்ற வேண்டும். மெதோட்ரெக்சேற் போய் அந்த நொதியத்தில் குந்திக்கொள்கிறது. உண்மையான போலேற்றுக்கு இடமில்லை. டி.என்.ஏ.க்கு மூலப்பொருள் இல்லை. பிரிய வந்த கலம் பாதியில் நின்று சாகிறது. புற்றுநோய்க்குப் பெரிய அளவில் கொடுப்பதன் நோக்கம் அதுதான். முடக்குவாதத்துக்குக் கிழமைக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம் வரையான சிறிய அளவுதான். அந்த அளவில் அது கலங்களைக் கொல்வதை விட, வீக்கத்தைத் தூண்டும் எதிர்ப்புக் கலங்களை அமைதிப்படுத்தும் வேலையையே அதிகம் செய்கிறது. அடினோசின் என்ற பொருள் கூடுவதால் இது நடக்கிறது என்பது பெரும்பாலானோர் ஏற்கும் விளக்கம்.

குளிசை விழுங்கிய ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் மருந்து இரத்தத்தில் உச்சத்தை அடையும். சிறுநீரகம் அதை விரைவாக வெளியேற்றிவிடுவதால் அடுத்த நாளுக்குள் இரத்தத்தில் மிச்சம் சொற்பமே. ஒரே நாளில் போய்விடும் மருந்தை ஏழு நாளுக்கு ஒருக்கா கொடுத்தால் எப்படிப் போதும்? கலத்துக்குள் புகுந்த மெதோட்ரெக்சேற்றின் பின்னால் கலமே குளுட்டமேற் மூலக்கூறுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்துவிடுகிறது. அந்த வால் நீண்டால் மருந்து வெளியே வர முடியாது. வாவியில் வைத்த கூட்டுக்குள் புகுந்த இறால் மாதிரி, போன வழி திறந்திருந்தாலும் திரும்பி வராது. இப்படிக் கலத்துக்குள் அகப்பட்ட மருந்து கிழமைக் கணக்கில் அங்கேயே இருந்து வேலை செய்யும். ஒவ்வொரு கிழமையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, ஆறு முதல் பன்னிரண்டு கிழமை போன பிறகே நோயாளிக்குச் சுகம் தெரியத் தொடங்கும். இந்தத் தாமதமும் ஒரு ஆபத்து. வலி குளிசை போட்டு அரை மணித்தியாலத்தில் நோவு குறைந்து பழகியவருக்கு, ஒரு மாதமாகியும் ஒன்றும் தெரியாத குளிசையை இன்னும் கொஞ்சம் கூட்டிப் போட்டுப் பார்ப்போமா என்று எண்ணம் வருவது இயல்பு.

அப்படியானால் எலும்பு மச்சையிலும் குடலிலும் வாய்ச்சவ்விலும் உள்ள நல்ல கலங்கள் எப்படித் தப்புகின்றன? மெதோட்ரெக்சேற் எல்லாக் கலத்தையும் எல்லா நேரத்திலும் கொல்வதில்லை. டி.என்.ஏ. பிரதி எடுத்துக்கொண்டிருக்கும் கட்டத்தில் உள்ள கலத்துக்குத்தான் அது எமன். வெள்ளிக்கிழமை இரவு நான்கு குளிசை விழுங்கினால், அந்த இரவிலும் மறுநாளிலும் அக்கட்டத்தில் இருந்த மச்சைக் கலங்களுக்கு அடிபடும். மற்றவை தப்பும். ஞாயிறு முதல் அடுத்த வெள்ளி வரை இரத்தம் சுத்தமாக இருக்க, தப்பியவை பெருகி இழப்பை ஈடுகட்டிவிடும். தினமும் விழுங்கினாலோ, நேற்றுத் தப்பிய கலம் இன்று பிரியத் தொடங்கும்போது அகப்படும். இன்று தப்பியது நாளைக்கு. ஒரு கிழமைக்குள் தப்பி நிற்கக் கலமே இல்லாமல் போய்விடும். ஆகவே இந்த மருந்தில் நஞ்சைத் தீர்மானிப்பது ஒரு தடவை விழுங்கிய அளவை விட, எத்தனை நாள் தொடர்ந்து விழுங்கினோம் என்பதே. குளிசை இல்லாத ஆறு நாளையும் மருந்தின் ஒரு பகுதியாகவே வைத்தியர்கள் கணக்கில் எடுக்கிறார்கள். சொறாயசிஸ் மருத்துவத்தில் ஆரம்ப காலத்தில் தினசரி முறையும் இருந்தது. அதன் தீங்குகளைக் கண்ட பிறகே, 1971இல் வைன்ஸ்டைன், புரோஸ்ட் ஆகியோர் முன்வைத்தது போன்ற கிழமை முறைகள் நிலைபெற்றன.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம், ஐம்பத்தாறு வயதான ஒரு அம்மா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மண்முனைப் பாலத்தைக் கடந்து மாதத்துக்கு ஒருக்கா கிளினிக்குக்கு வருகிறார். கொப்பியில் எழுதியிருப்பது, மெதோட்ரெக்சேற் கிழமைக்கு 10 மில்லிகிராம், வெள்ளிக்கிழமை இரவு. போலிக் அசிட் 5 மில்லிகிராம், திங்கட்கிழமை. மெதோட்ரெக்சேற் குளிசை 2.5 மில்லிகிராம் என்றால் வெள்ளிக்கு நான்கு. நான்கு கிழமைக்குப் பதினாறு. போலிக் அசிட் நான்கு. இரண்டும் பெரும்பாலும் சின்ன, வட்டமான, மஞ்சள் குளிசைகள். உள்ளங்கையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால், கண்ணாடி போடாதவருக்கு எது எது என்று சொல்லுவது கஷ்டம்.

ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் மருந்து முடிந்துவிட்டது. வெளியே வாங்கச் சொல்கிறார்கள். மகன் துண்டைக் கொண்டுபோய் வாங்கி வருகிறார். பையில் இரவு என்ற இடத்தில் 4 என்று எழுதியிருக்கிறது. கிழமைக்கு ஒருக்கா என்று கவுண்டரில் வாயால் சொன்னது மகனுக்கு, விழுங்குவது அம்மா. சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று நான்கு இரவில் பதினாறும் முடிகிறது. ஒரு மாதத்து 40 மில்லிகிராம் நான்கு நாளில் உள்ளே போய்விட்டது.

தவறைப் பிடிக்கக்கூடிய முதல் இடம் இங்கேதான் இருக்கிறது. ஒரு மாதத்துக்கென்று வாங்கிய குளிசை நாலைந்து நாளில் தீர்ந்து, அடுத்த துண்டைத் தேடி ஆள் வந்தால், பாமசிக்காரர் எண்ணிப் பார்க்க வேண்டும். "அம்மா, போன கிழமைதானே பதினாறு தந்தது?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், இதற்கு மேல் போகாது.

கேட்காமலே கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இன்னும் மூன்று நாள் போகிறது. மொத்தம் 70 மில்லிகிராம். முதல் அடையாளம் பெரும்பாலும் வாயில்தான். உதட்டின் உட்புறமும் நாக்கின் ஓரமும் வெள்ளை படிந்த புண். கஞ்சி கூட எரிகிறது. உறைப்பு நினைக்கவே முடியாது. வாய்ச்சவ்வு ஓயாமல் புதுப்பிக்கப்படும் இடம், அதனால்தான் முதலில் சாட்சி சொல்கிறது. வயிற்றோட்டமும் சேரலாம். குடல் உட்படையும் அதே வகைதான். பிறகு காய்ச்சலும் தொண்டை நோவும். மச்சையிலிருந்து புதிய வெள்ளணுக்கள் வரவில்லை, பழையவை தீர்ந்துபோயின. தட்டணுக்கள் குறையக் குறைய, பல் விளக்கும்போது இரத்தம், காலில் சிவப்புப் புள்ளிகள். இரத்த அணுக்களின் எண்ணிக்கை மிகக் கீழே போவது பெரும்பாலும் ஏழு முதல் பதினான்கு நாளுக்குள்.

இந்த இடத்தில் நமது பகுதிக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. மாரி மழை பெய்து, வடிகான்களில் தண்ணீர் தேங்கிக் கிடக்கும் மாதங்களில் காய்ச்சலோடு வந்தவரின் இரத்தத்தில் வெள்ளணுவும் தட்டணுவும் குறைந்திருந்தால், யாருடைய வாயிலும் முதலில் வருவது டெங்குதான். வரத்தான் வேண்டும். ஆனால் முடக்குவாதத்துக்கு மருந்து எடுப்பவர் என்று தெரிந்தால் இரண்டாவது கேள்வியும் எழ வேண்டும். டெங்குவில் குழாய்களிலிருந்து நீர் கசிவதால் இரத்தம் கட்டியாகி பீ.சீ.வி. ஏறலாம், மெதோட்ரெக்சேற் நஞ்சில் அப்படி ஏறுவதில்லை, ஹீமோகுளோபினும் மெல்ல இறங்கும். வாய் முழுக்கப் புண் என்பது டெங்குவின் வழமையான முகம் அல்ல. ஆனால் இவை எல்லாவற்றையும் விட உறுதியான பரிசோதனை, நோயாளியின் மருந்துப் பையை மேசையில் கொட்டி மிச்சமுள்ள குளிசைகளை எண்ணுவது.

இப்படித் தவறு படிக்காதவர்களுக்கு மட்டும் நடக்கும் என்று நினைத்தால் ஏமாந்து போவோம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயரில் 2000 ஏப்ரலில் ஒரு நோயாளி இறந்தார். கிழமைக்கு 17.5 மில்லிகிராம் என்றிருக்க வேண்டிய மருந்து, நாளுக்கு 10 மில்லிகிராம் என்று துண்டில் மாறியிருந்தது. மருத்துவர், மருந்தாளர் என்று பல கைகளைத் தாண்டிப் போயும் யாரும் நிறுத்தவில்லை. அந்த மரணத்தை ஆராய்ந்த அறிக்கை வெளிவந்தது; 2004இல் நாட்டின் நோயாளர் பாதுகாப்பு நிறுவனம் பத்தாண்டுகளில் இப்படியான தவறுகளால் 25 மரணங்கள், 26 கடும் பாதிப்புகள் என்று கணக்குச் சொல்லி எச்சரித்தது. அவுஸ்திரேலியாவில் 2000ஆம் ஆண்டின் பின்னர் மெதோட்ரெக்சேற்றோடு தொடர்புபட்டதாக மரண விசாரணைப் பதிவுகளில் கண்ட 22 மரணங்களில், ஏழு பேர் தவறுதலாகத் தினமும் விழுங்கியவர்கள். ஐரோப்பிய மருந்து முகவரகம் 2019இல் தான் எடுத்த நடவடிக்கைகளில் ஒன்றாக, இந்தக் குளிசையைப் பிளிஸ்டரில் மட்டுமே விற்க வேண்டும், கிழமைக்கு ஒருமுறை என்ற எச்சரிக்கை பெட்டியில் தெளிவாகத் தெரிய வேண்டும், நோயாளியின் கையில் அட்டை ஒன்று இருக்க வேண்டும் என்றெல்லாம் விதித்தது. இவ்வளவு விதியும் சேர்ந்து செய்ய முனைவது ஒன்றைத்தான்: நாளின் பெயரை முழுதாக எழுத வைப்பது. "கிழமைக்கு ஒருக்கா" என்பதை விட "வெள்ளிக்கிழமை இரவு மட்டும், நாலு குளிசை" என்பது மறப்பதற்குக் கடினம். காத்தான்குடியில் ஜும்ஆவையும் கொக்கட்டிச்சோலையில் கோவில் வெள்ளியையும் யாரும் மறப்பதில்லை என்பதால், இங்கே வெள்ளிக்கிழமை நல்ல தெரிவு என்பது என் எண்ணம்.

இன்னொரு கவனம் குளிசையின் பலம். 2.5இலும் 10இலும் வருகின்றன. நான்கு 2.5 எடுத்துப் பழகியவரின் கையில் ஒரு மாதம் 10 மில்லிகிராம் குளிசை வந்தால், பழக்கத்தில் நான்கை விழுங்கி ஒரே இரவில் 40 போய்விடும். ஆகவே எத்தனை குளிசை என்பதோடு, எத்தனை மில்லிகிராம் குளிசை என்றும் கேட்க வேண்டும்.

இனிப் போலிக் அசிட். மெதோட்ரெக்சேற் போலேற்றைத் தடுக்கிறது என்றால், அதே விற்றமினைக் கொடுப்பது ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பது ஆகாதா என்று நியாயமான சந்தேகம் எழும். ஆகாது. மூட்டில் நடக்கும் அமைதிப்படுத்தும் வேலையைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்காமல், குமட்டல், வாய்ப்புண், ஈரல் நொதியம் ஏறுதல் ஆகியவற்றை அது குறைக்கிறது. அதனால் மருந்தைப் பாதியில் விட்டுவிடுபவர்களும் குறைகிறார்கள்.

எப்போது எடுப்பது? பொதுவான வழக்கம், மெதோட்ரெக்சேற் எடுக்கும் நாளைத் தவிர்த்து, வேறு நாளில் எடுப்பது. சில வைத்தியர்கள் கிழமைக்கு ஒரு 5 மில்லிகிராம் எழுதுவார்கள், சிலர் இரண்டு நாளில், சிலர் மெதோட்ரெக்சேற் நாள் தவிர்ந்த ஆறு நாளும். ஒரே நாளில் எடுத்தால் இரண்டும் கலத்துக்குள் புக ஒரே வாசலுக்குப் போட்டியிடலாம் என்பதுதான் பிரித்து வைக்கச் சொல்லப்படும் காரணம். அதற்கான நேரடி ஆதாரம் அவ்வளவு பலமானது அல்ல. தினமும் 1 மில்லிகிராம் என்று, மெதோட்ரெக்சேற் நாளையும் சேர்த்தே எழுதும் நாடுகளும் உண்டு. எவ்வளவு என்பதற்கு நமக்கு அண்மையிலிருந்தே ஒரு விடை கிடைத்தது. சண்டிகர் மருத்துவ ஆய்வு நிலையத்தில் நடந்து 2015இல் வெளிவந்த ஆய்வில், ஒரு குழுவுக்குக் கிழமைக்கு 10 மில்லிகிராமும் மற்றக் குழுவுக்கு 30 மில்லிகிராமும் போலிக் அசிட் கொடுத்துப் பார்த்தார்கள். கூடக் கொடுத்ததால் கூடுதல் நன்மை கிடைக்கவில்லை. ஆகவே உங்கள் கொப்பியில் எழுதியது அயலாரின் கொப்பியில் எழுதியதிலிருந்து வேறாக இருந்தால் பதற வேண்டியதில்லை. உங்கள் வைத்தியர் எழுதிய முறையையே பிடித்துக்கொள்ளுங்கள்.

உண்மையான ஆபத்து இரண்டின் பைகளும் மாறிப்போவது. கிழமையில் ஆறு நாள் போலிக், ஒரு நாள் மெதோட்ரெக்சேற் என்றிருந்தது தலைகீழாகி, ஆறு நாள் மெதோட்ரெக்சேற் ஆகிவிடும். இதைவிடக் கவலைக்குரியது, கர்ப்பிணிகளும் பிள்ளைக்காகக் காத்திருப்பவர்களும் தினமும் எடுக்கும் போலிக் அசிட்டும் அதே வீட்டில் இருப்பது. அவர்கள் கை தவறி மாமியாரின் மஞ்சள் குளிசையை விழுங்கினால் கருவுக்கே ஆபத்து. இரண்டையும் வேறு வேறு பெட்டியில், வேறு வேறு தட்டில் வையுங்கள். மெதோட்ரெக்சேற்றைத் தினசரிக் குளிசைகளோடு ஒரே டப்பாவில் போடாதீர்கள்.

தவறுதலாகத் தினமும் விழுங்கியது தெரிந்ததும் பலர் செய்ய நினைப்பது, போலிக் அசிட்டை இரண்டு மூன்றாக விழுங்கிச் சமாளிப்பது. அது பலிக்காது. போலிக் அசிட் வேலை செய்ய முதலில் அந்த நொதியம் அதை மாற்ற வேண்டும். நொதியத்தில்தான் மெதோட்ரெக்சேற் குந்திக்கொண்டிருக்கிறதே. ஆஸ்பத்திரியில் கொடுப்பது போலினிக் அசிட் என்ற, ஏற்கெனவே மாற்றி முடித்த வடிவம். அது அடைபட்ட நொதியத்தைச் சுற்றிக்கொண்டு நேரே கலத்துக்குப் பயன்படுகிறது. சில மணித்தியாலத்துக்கு ஒருக்கா, பெரும்பாலும் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, இரத்த அணுக்கள் மீளும் வரை கொடுப்பார்கள். எவ்வளவு சீக்கிரம் தொடங்கினால் அவ்வளவு பலன் என்பதால், வாய்ப்புண் வரட்டும் பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது.

அங்கேயும் ஒரு பொறி. இரத்தத்தில் மெதோட்ரெக்சேற் அளவைப் பார்த்தால் மிகக் குறைவாகவோ இல்லை என்றோ வரலாம். மருந்து இரத்தத்தில் இல்லை, கலங்களுக்குள் இருக்கிறது. அந்த முடிவைக் கண்டு ஆறுதல் அடைந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டால் சிகிச்சை தாமதமாகும். முழு இரத்த எண்ணிக்கையையும் சிறுநீரகத்தையும் ஈரலையும் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

சிறுநீரகத்தைப் பார்ப்பது இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம். மருந்தை வெளியேற்றும் வழியே அது. வயிற்றோட்டத்தாலோ வெயிலில் வேலை செய்து நீர் வற்றியோ சிறுநீரகம் தளர்ந்தால், சரியான கிழமை அளவு கூட நஞ்சாகலாம். சலக்கடுப்புக்கு எழுதப்படும் கோட்ரைமொக்சசோல் இன்னும் மோசம். அதிலுள்ள டிரைமெதோப்ரிமும் போலேற் பாதையையே அடைக்கிறது. எந்த வைத்தியரிடம் போனாலும் "கிழமைக்கு ஒருக்கா மெதோட்ரெக்சேற் எடுக்கிறன்" என்று முதல் வசனமாகச் சொல்லிவிடுவது நல்லது.

வெள்ளிக்கிழமை மறந்து போனால்? ஞாயிறு இரவுக்குள் நினைவு வந்தால் எடுக்கலாம். அதற்குப் பிந்திவிட்டால் அந்தக் கிழமையை விட்டுவிட்டு அடுத்த வெள்ளிக்கு வழமையான நான்கு. இரண்டு கிழமைக்குச் சேர்த்து எட்டு விழுங்கக் கூடாது. ஒரு கிழமை தவறினால் மூட்டு கொஞ்சம் நோகலாம். அதற்கு மேல் ஒன்றும் ஆகாது.